பேச்சுக் குமிழும் ‘டமார்’ எழுத்தும்

சித்திரக் கதையில் ஒரு பேச்சுக் குமிழைப் பார்த்தவுடனே, அதை எழுதியவர் எந்த முறையில் வேலை செய்தார் என்று சொல்லிவிடலாம். சில குமிழ்களில் முதல் வரியின் எழுத்துக்கள் தாராளமாக வீற்றிருக்கும். கடைசி வரியிலோ தீபாவளி ரயிலில் ஏறியவர்களைப் போல் ஒன்றையொன்று நெருக்கும். குமிழை முதலில் வரைந்து, பிறகு எழுத்தை அதற்குள் அடைத்ததன் பலன் இது. எழுத்து முந்தி, குமிழ் பிந்தி என்பதே இத்தொழிலின் முதல் விதி.

எழுத்துக்கும் முந்தியது கோடு. அமெரிக்காவில் இத்தொழில் செய்தவர்கள் ‘ஏம்ஸ்’ என்னும் சிறு பிளாஸ்டிக் கருவியின் துவாரத்தில் பென்ஸிலை நுழைத்து, அதை நேர்ச்சட்டத்தின் மீது நகர்த்தி, ஒரே அளவில் மெல்லிய கோடுகள் இழுப்பார்கள். அவர்கள் எழுதும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களுக்கு மேலே கொம்பும் இல்லை, கீழே வாலும் இல்லை. ஆகவே, வரிகளுக்கு இடையே எழுத்தின் உயரத்தில் பாதி இடம் விட்டாலே போதும்.

தமிழின் சங்கதி வேறு. மேல் வரியில் ‘பு’வின் கால் இறங்குகிறது, கீழ் வரியில் ‘க்’கின் புள்ளி ஏறுகிறது. இரண்டும் மோதாதிருக்க எழுத்தின் உயரம் முழுவதையும் இடைவெளியாக விடவேண்டும்.

“புயல் வருகிறது! கதவைச் சாத்து! சீக்கிரம்!” என்று மூன்று வரி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எழுத்தின் உடல் 4 மில்லிமீட்டர். மூன்று வரிக்கு 12, இரண்டு இடைவெளிக்கு 8, மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் 2 வீதம் 4, ஆக 24. சுற்றிலும் ஓர் எழுத்தளவு வெற்றிடம் விட்டுக் குமிழ் வரைந்தால் அதன் உயரம் 32 ஆகும். ஆங்கிலத்தில் இதே மூன்று வரிக்கு 24 போதும். இந்த 8 மில்லிமீட்டரைச் சித்திரக்காரர் முன்னரே ஒதுக்காவிடில், கதாநாயகனின் தலைதான் வெட்டுப்படும்!

கை மாறாமலிருக்க, ‘ண’வின் சுழி, ‘ர’வின் கால், புள்ளியின் உருவம் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே தீர்மானித்து, ஒரு மாதிரித் தாளை எதிரில் வைத்துக்கொள்ளவேண்டும். பக்கம் முடிந்ததும் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வாசிக்க முடியாதபோது எழுத்து வெறும் கறுப்பும் வெளுப்புமாகத் தெரியும். எங்கே கறுப்புத் திட்டு விழுகிறதோ, அங்கே கை தவறியிருக்கிறது.

‘டமார்’ என்னும் ஓசையும் அந்தக் கையிலிருந்தே பிறக்கவேண்டும். கோடு தடிக்கலாம், எழுத்து சாயலாம், படத்தின் குறுக்கே பாயலாம். சுழியும் காலும் புள்ளியும் மட்டும் மாறலாகாது. 1983-ல் ‘தோர்’ கதையில் ஜான் வொர்க்மன் எழுதிய ‘டூம்’ என்னும் சம்மட்டி ஓசை, சித்திரத்தோடு சித்திரமாக நின்றது. ஓசை எழுத்தை வேறொருவர் பிறகு ஒட்டினால், வெடி பக்கத்து வீட்டில் வெடித்தது போலவே தோன்றும்.