‘இதை டைப் பண்ணு’ என்றால் டைப் மட்டும் பண்ணுங்கள், தோழர்களே!

நம் இளைஞர்களின் கைப்பேசிக்கு இப்படி ஒரு படம் அடிக்கடி வரும். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், பேனாவால் எழுதிய மனு, ஓரத்தில் பிடித்திருக்கும் கட்டைவிரல். கீழே ஒரே ஒரு வரி: “இதை டைப் பண்ணு.” வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. அனுப்பியவர் பெரியப்பாவாக இருக்கலாம், பக்கத்துத் தெரு அக்காவாக இருக்கலாம். படித்த பிள்ளை நீ, உன்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

பிரச்சினை இதற்குப் பிறகு தொடங்குகிறது. நம் பிள்ளைகளும் சரி, கடைவீதி டி.டி.பி. சென்டர்களும் சரி, டைப் மட்டும் செய்வதில்லை; திருத்துகிறார்கள். “ஆபீசுக்குப் போற லெட்டர், மரியாதையா இருக்கணும்” என்று ஒரு பழைய மாதிரிக் கடிதத்தைத் திறந்து அதற்குள் மனுவைத் திணிக்கிறார்கள். இந்த மரியாதை நம் மக்களின் வழக்குகளைக் கொல்கிறது என்கிறோம்.

குன்றக்குடிப் பக்கத்திலிருந்து நம்மிடம் வந்த ஒரு மனுவைப் பாருங்கள். ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டோம். காவல் ஆய்வாளருக்கு ஓர் அம்மா கைப்பட எழுதியது இது: “நேற்று காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே ரோட்டில் நின்றுகொண்டு, குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள் எல்லாம் பார்க்க, என்னை இன்ன சொல் சொல்லித் திட்டினார். நாங்கள் பறையர். அவர் இன்ன சாதி.” திட்டிய சொல்லையும் திட்டியவரின் சாதியையும் அவர் அப்படியே எழுதியிருந்தார்.

ஒரு சென்டரில் டைப் ஆகி வந்தது இது: “மேற்படி நபர் என் வீட்டிற்கு வந்து என்னைத் தகாத வார்த்தைகளால் இழிவாகப் பேசினார். ஆகவே சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.” எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் வழக்குக்கு உயிரான நான்கு விவரங்கள் போய்விட்டன.

முதலாவது, இடம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்த இழிவுபடுத்தலையும் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில், வீட்டு வாயிற்கதவருகே நடந்தது பொதுப்பார்வையில் நடந்ததே என்றது உச்ச நீதிமன்றம். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாமல் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று அந்தக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. ஆக, “வாசலுக்கு எதிரே ரோட்டில்” என்பதற்கும் “வீட்டிற்கு வந்து” என்பதற்கும் இடையில் ஒரு வழக்கே நிற்கிறது. அந்த அம்மாவுக்கு இந்தத் தீர்ப்புகள் தெரியாது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். சாட்சிகள் எங்கே நின்றார்கள் என்பதையும் எழுதினார். டைப் செய்தவர் அதை வளவளப்பு என்று வெட்டினார்.

இரண்டாவது, சொல். “தகாத வார்த்தை” எந்தச் சட்டப்பிரிவும் இல்லாத வார்த்தை. சொன்ன சொல் என்ன என்பது முதல் தகவல் அறிக்கையில் இல்லாவிட்டாலும் குற்றப்பத்திரிகையிலாவது இருக்க வேண்டும் என்று 2023இல் ரமேஷ் சந்திர வைஷ்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகாரிலேயே இல்லாத சொல் குற்றப்பத்திரிகைக்கு எங்கிருந்து வரும்? அந்தச் சொல்லை இந்தக் கட்டுரையில் நாம் அச்சிடவில்லை. ஆனால் மனுவில் அது இருந்தே ஆக வேண்டும். டைப் அடிக்க உங்கள் கை கூசினால், அதைக் காதால் கேட்டவரை நினைத்துக்கொண்டு அடியுங்கள்.

மூன்றாவது, சாதி. “சாதியெல்லாம் எதுக்குப் போடணும்” என்று நாகரிகமாக நீக்கிவிடுகிறார்கள். குற்றம் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்பது இந்தச் சட்டத்தின் முதல் நிபந்தனை. புகாரில் அது சொல்லப்படவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 2008இல் கோரிகே பென்டையா வழக்கில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை ரத்து செய்தது.

நான்காவது, நாள். மனு எழுதிய அன்று “நேற்று” சரி. ஆனால் தாளைப் படம் எடுத்து, பேரன் வழியாகச் சென்டருக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகிவிட்டது. டைப் செய்தவர் மேலே அன்றைய தேதியைப் போட்டு, “நேற்று காலை” என்றே தொடங்கினார். சம்பவம் மூன்று நாள் தள்ளிப் போய்விட்டது. குழாயடியில் இருந்தவர்கள் ஒரு தேதி சொல்வார்கள், மனு வேறு தேதி சொல்லும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா?” என்று மாணவர்கள் கேட்கலாம். தொடலாம். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், இடம் என்று ஒழுங்காக அமைக்கலாம். அலுவலகத்தின் பெயரைச் சரிசெய்யலாம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை திருத்தலாம். ஆனால் ஒரு விவரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேறு சொல்லால் மாற்றவோ உங்களுக்கு உரிமையில்லை. “நேற்று” மாதிரி ஒரு சொல்லைப் பார்த்தால் போன் போட்டு, “எந்தத் தேதி அம்மா?” என்று கேளுங்கள். படத்தில் நிழல் விழுந்து படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தை மட்டும் மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 1ஆ 7ஆ என்று சந்தேகம் வரும் எண்களை வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

கையெழுத்து வாங்கும் முன் முழு மனுவையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, கையெழுத்துக்கு முன் படித்துக் காட்ட வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொறுப்பு அதிகாரிக்கே கட்டளையிடுகிறது. போலீசுக்கு உள்ள இந்தக் கடமை நமக்கு வேண்டாமா? அந்தக் கைப்பிரதியையும் படத்தையும் அழிக்காதீர்கள். நடந்ததைப் பற்றிய முதல் எழுத்து அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். புகார் டைப் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கையெழுத்துப் புகாரே செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக்கொள்ள வேண்டியது காவல் நிலையத்தின் வேலை. “டைப் பண்ணிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புவது நாளைக் கடத்தும் தந்திரம். அப்படி மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதித் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப பி.என்.எஸ்.எஸ். 173(4) வழி சொல்கிறது.

“கருணை கூர்ந்து”, “பாதம் பணிந்து”, “கீழ்ப்படிதலுள்ள” என்று அந்த அம்மா ஓரிடத்தில்கூட எழுதவில்லை. “வழக்குப் பதிவு செய்ய வேண்டும்” என்றுதான் முடித்திருந்தார். கெஞ்சலைச் சேர்த்தது டைப் செய்த கை. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு பெண் நிமிர்ந்து நின்று எழுதியதைப் படித்த நாம் குனிய வைக்கிறோம் என்றால், அந்தப் படிப்பு யாருக்காக?

தோழர்களே, அடுத்த முறை அந்தப் படம் வரும்போது ‘இதை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இதைத்தான் டைப் பண்ணச் சொல்கிறார். வேறொன்றை அல்ல.