ஓடும் வாகனத்தில் ஓர் உரையாடல்



கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் பெண்கள் குழுவொன்று, கைத்தொலைபேசியிலேயே ஒரு குறும்படம் எடுத்தது. காணாமற்போன மகனைப் பற்றிக் கேட்பதற்காக ஒரு தாய் பட்டணத்து அலுவலகம் ஒன்றுக்குப் போகிறாள். மகள் கூடப் போகிறாள். கதையின் முக்கியமான பேச்சு பஸ்ஸுக்குள் நடக்கிறது. தாயின் மடியில் ஒரு கோப்பு இருக்கிறது. “இண்டைக்கும் அதையேதான் கேப்பினம் அம்மா” என்கிறாள் மகள். “கேக்கட்டும் பிள்ளை. நான் திரும்பச் சொல்லுறன்” என்கிறாள் தாய். இப்படிப் பதினான்கு வரிகள், மொத்தம் இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தை எடுக்க நாங்கள் பட்ட பாட்டையும், கடைசியில் அதை எப்படி எடுத்தோம் என்பதையும் இம்முறை எழுதுகிறேன். உங்களிலும் பலர் இப்போது போனில் படம் எடுக்கிறீர்கள். இது உங்களுக்கு உதவும்.

முதல் நாள் நாங்கள் சாதாரண பயணிகள் பஸ்ஸில் ஏறினோம். ஒரு தங்கச்சி நடைபாதையில் நின்றபடி போனைக் கையில் பிடித்தாள். சாரதி பிறேக் பிடித்ததும் அவளுடைய தோள் கம்பியில் மோதியது. போன் இருக்கைகளுக்குக் கீழே சறுக்கிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், பஸ் வானொலியின் பாட்டுத்தான் கேட்டது. பேச்சுக்குப் பின்னால் பாட்டு ஓடினால் அந்தப் பேச்சை வெட்டி ஒட்ட முடியாது. எந்த இடத்தில் வெட்டினாலும் பாட்டு துள்ளிக் குதிக்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான விடயம் வேறொன்று. எமக்குப் பின்னால் இருந்த ஒரு பெண், இறங்கும்போது எங்களிடம் வந்து, “என்ர முகம் இதில விழுந்திருக்கோ?” என்று கேட்டார். விழுந்திருந்தது. தான் எங்கே இருக்கிறேன் என்பது சிலருக்குத் தெரியக்கூடாது என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதிவை அழித்தோம். அழித்தவை சில நாட்கள் தங்கும் கோப்புறையிலிருந்தும் அழித்தோம். எமது கதையைச் சொல்லப் போய் இன்னொரு பெண்ணின் பாதுகாப்பைக் குலைத்திருப்போமே என்று அன்றிரவு எல்லோரும் பேசினோம். பயணிகள் பஸ்ஸில் இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

அடுத்ததாக, தெரிந்த ஒருவரின் வானை அரை நாளுக்குச் சாரதியோடு வாடகைக்கு எடுத்தோம். சட்டத்துக்குள் இரண்டு இருக்கைகளும் ஒரு யன்னலும் மட்டும் தெரிந்தால், பார்ப்பவருக்கு அது பஸ்ஸா வானா என்று தெரியாது. பஸ் ஓடும் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சாரதி நடிக்கக்கூடாது. வண்டி ஓட்டுபவருக்கு வசனமும் கொடுத்தால் அவருடைய கவனம் இரண்டாகப் பிரியும். ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 2002ஆம் ஆண்டில் ‘டென்’ என்றொரு படம் எடுத்தார். தெஹ்ரான் தெருக்களில் ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் ஏறி இருப்பவர்களோடு பேசுவதுதான் முழுப் படமும். காரின் முன்பக்கத்தில் பொருத்திய இரண்டு சிறிய டிஜிட்டல் கமராக்களால் அதை எடுத்தார்கள். பெரிய கமராவும் ஆட்களும் இல்லாமல் காருக்குள் ஒரு முழுப் படத்தையே எடுக்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் ஓட்டுபவரே பேசுவதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.

எமது சாரதி அண்ணையிடம் மூன்று விடயங்கள் சொன்னோம். மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டாம். எங்களுடைய பேச்சைக் கேட்க வேண்டாம், வீதியை மட்டும் பாருங்கள். நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குப் பட்டால் எங்களைக் கேட்காமல் நிறுத்துங்கள். பதிவை வண்டி நிற்கும்போதே தொடங்கினோம், நின்ற பிறகே நிறுத்தினோம். ஓடும்போது ஒருவரும் இருக்கையை விட்டு எழும்பவில்லை. யன்னலுக்கு வெளியே கையோ போனோ நீட்டவில்லை. முகாம், சோதனைச்சாவடி இல்லாத வீதியைத் தெரிந்துகொண்டோம்.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு நிமிடத்தில் ஒரு கிலோமீற்றர் போய்விடும். எனவே ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான, குழியில்லாத நேர் வீதி போதும். எங்களுடைய வீதி வடக்கு நோக்கிப் போனது. காலையில் வெயில் கிழக்கிலிருந்து, அதாவது வலப்பக்கமாக வரும். தாயையும் மகளையும் இடப்பக்க இருக்கையில் வைத்து, வலப்பக்கத் திரைச்சீலையை இழுத்து மூடினோம். முகத்தில் மென்மையான வெளிச்சம் விழுந்தது. திரும்பி வரும்போது வெயில் மறுபக்கம் மாறிவிடும். அதனால் போகும்போது மட்டுமே எடுத்தோம். திரும்பும் வழியில் நடித்தவர்கள் ஓய்வெடுத்தார்கள்.

போனை முன் இருக்கையின் மேற்கம்பியில், இறுக்கிப் பிடிக்கும் ஹோல்டரால் பூட்டினோம். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ண ஹோல்டரும் கடையில் உண்டு. ஆனால் தூசி இருந்தாலும் வெயிலில் கண்ணாடி சூடாகினாலும் அதன் பிடி மெதுவாகக் கழன்றுவிடும். அதை ஒட்டுவதென்றால் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, ஒட்டிய பின் ஐந்து நிமிடம் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எந்த ஹோல்டராக இருந்தாலும் போன் உறையில் ஒரு நைலோன் கயிற்றைக் கோர்த்து, ஹோல்டரில் அல்லாமல் கம்பியில் தனியாகக் கட்டிவிடுங்கள். கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளக்கூடாது. வண்டி திடீரென நின்றால் கழன்ற போன் வண்டி ஓடிய அதே வேகத்தில் முன்னோக்கிப் பறக்கும். சாரதியின் பார்வைக்கும் கண்ணாடிகளுக்கும் நடுவிலும், எயர்பாக் விரியும் இடத்திலும் போனைப் பூட்டவே கூடாது.

பூட்டிய பிறகு போனில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். படம் ஆடாமல் இருக்கப் போன் தானாகச் செய்யும் திருத்தத்தை நிறுத்தினோம். நடக்கும்போது அது நல்லது. வண்டிக்குள்ளோ, வண்டி திரும்புவதைக் கை ஆடுவதாக எண்ணி அது படத்தை மறுபக்கம் இழுக்கும். பார்த்தால் இருக்கைகள் மிதப்பது போல இருக்கும். இரண்டாவதாக, முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டினோம். ஐபோனில் அப்போது AE/AF LOCK என்று காட்டும். பூட்டாவிட்டால் ஒவ்வொரு மர நிழலிலும் முகம் கறுத்து வெளுக்கும்.

இனிச் சத்தம். படம் எடுக்கும் போனை நம்பிச் சத்தம் எடுக்காதீர்கள். அது கம்பியில் பூட்டியிருப்பதால் வண்டியின் அதிர்வு முழுவதும் அதற்குள் இறங்கும். சத்தத்துக்கு இரண்டாவது போனை எடுத்து, அதில் ஒரு சட்டை மைக்கைச் செருகினோம். போனை விமானப் பயண நிலையில் போட்டு மகளின் மடியில், மடித்த துவாய்க்கு மேல் வைத்தோம். இருக்கையில் வைத்தால் அங்கும் அதிர்வு ஏறும். மைக்கை மகளின் தோளில், தாயின் பக்கமாக, சேலை உரசாத இடத்தில் ரேப்பால் ஒட்டினோம். ஏசி, மின்விசிறி, வானொலி எல்லாவற்றையும் நிறுத்தி யன்னல்களை மூடினோம். புறப்பட முன் மகள் ஒருமுறை கை தட்டினாள். தட்டும் கையைப் படத்திலும், தட்டிய ஒலியைச் சத்தத்திலும் பார்த்து இரண்டையும் பொருத்தலாம். முழுக்காட்சியையும் எடுக்க முன், 30 செக்கன் மட்டும் எடுத்து இயர்போனில் கேளுங்கள். சரசரவென்றால் துணி உரசுகிறது. கும்மென்றால் மைக்கோ போனோ வண்டி உடம்பில் முட்டுகிறது.

இவ்வளவு செய்தும் பதினான்கு வரிகளில் ஐந்து மட்டுமே தெளிவாகக் கேட்டன. தாயாக நடித்த அக்காவின் குரல் மெல்லியது. எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. அவர் உரத்துப் பேசினால் வேதனை போய்ச் சண்டை போல ஆகிவிட்டது. அப்போதுதான் எமக்கு ஒரு வழி பிடிபட்டது. வாய் தெரிந்தால் யன்னல் தெரிய வேண்டாம். யன்னல் தெரிந்தால் வாய் தெரிய வேண்டாம்.

வானை ஒரு வேம்பு நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். யன்னல் திரைச்சீலையை மூடினோம். தாயின் முகத்தை மட்டும், பின்னால் திரைச்சீலையும் இருக்கையும் தெரிய, கிட்டத்தில் எடுத்தோம். பிறகு மகளின் முகத்தை அவ்வாறே எடுத்தோம். பின் பம்பரில் இருவர் கை வைத்து வானை மெதுவாக ஆட்டினார்கள். ஒருவர் முன் கண்ணாடிக்கு வெளியே வேப்பங்கிளையைப் பிடித்து அசைக்க, நிழல் முகத்தில் கடந்து போனது. நிழல் எப்போதும் முன்னிருந்து பின்னுக்குப் போக வேண்டும். மாறிப் போனால் வண்டி பின்னோக்கி ஓடுவது போலத் தோன்றும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எஞ்சின் இல்லாத அமைதியில் எவரும் கோயிலுக்குள் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திவிடுவர். பிறகு எஞ்சின் சத்தம் சேர்த்தால் அது பொருந்தாது. எனவே ஒவ்வொரு முறையும் தொடங்க முன், ஓடும்போது பதிந்த சத்தத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அந்தச் சத்தம் காதில் நிற்கும்போதே நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னோம். அக்காவின் குரல் சரியான உயரத்தில் வந்தது.

ஓடும் வண்டியில் எடுத்தவற்றில் முதல் மூன்று வரிகளையும் கடைசி இரண்டு வரிகளையும் வைத்துக்கொண்டோம். இருவரும் யன்னலோடு தெரியும் படம் அது. நடுவில் வரும் ஒன்பது வரிகள் நின்ற வானில் எடுத்தவை. அவற்றுக்கிடையே கோப்பைப் பிடித்த கைகளையும், யன்னலில் ஓடும் பனைகளையும் பேச்சில்லாமல் சேர்த்தோம்.

கடைசியாக ஒன்றை மறந்துவிடாதீர்கள். வண்டி ஓடும்போது, ஒருவரும் பேசாமல், இரண்டு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதியுங்கள். எடிட் செய்யும்போது அதை முழுக்காட்சிக்கும் அடியில் விரித்துவிட்டால், நின்று எடுத்ததும் ஓடி எடுத்ததும் ஒரே பயணமாகிவிடும். அது இல்லாமல் முதலில் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு வெட்டிலும் எஞ்சின் அணைந்து அணைந்து பற்றியது.

படத்தை எமது பொது மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். தாய் தன் கடைசி வரியைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “நான் போற பஸ்ஸும் இதுதான்” என்றார். அந்த வான் வேம்பின் கீழ் நின்றது என்று நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை.