“இறுதி மூச்சு உள்ளவரை நன்றி மறவேன்” என்று பேராசிரியருக்கு எழுதாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம்கூட வரலாம். வந்தால் கமெண்டில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஏனென்றால் இதில் முதல் குற்றவாளி நான்தான்.

போன மாதம் என் அக்கா பேத்தி ஒரு மெயிலைக் காட்டினாள். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இளங்கலையில் பாடம் எடுத்த மூத்த பேராசிரியருக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருக்கிறாள். ஐந்து நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது: எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் தேதிக்குள்? “தாத்தா, சார் கோபமா இருக்காரோ?” என்று பயந்துபோய் வந்தாள்.

மெயிலை வாங்கிப் பார்த்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டது இரண்டு வரி. முடிப்பு மட்டும் ஐந்து வரி. அந்த முடிப்பை அப்படியே தருகிறேன்:

“ஐ ஹம்ப்ளி ப்ரே யுவர் குட் செல்ஃப் டு கைண்ட்லி டூ தி நீட்ஃபுல். ஐ வில் பி கிரேட்ஃபுல் டு யூ டில் மை லாஸ்ட் ப்ரெத். தேங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன். வெயிட்டிங் ஃபார் யுவர் ஃபேவரபிள் ரிப்ளை. யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் அண்ட் லவ்விங் ஸ்டூடன்ட்.”

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறீர்கள். ஆறாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக் கரும்பலகையில் “தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி” என்று எழுதிப் போட்டவன் நான். பத்து வயதில் படித்தது நாற்பது வயதிலும் கையை விட்டுப் போகவில்லை.

இப்போது வரி வரியாகப் பார்ப்போம்.

“நீட்ஃபுல்” என்றால் ஆவன செய்வது. தமிழில் “ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்” என்று மனு எழுதும் பழக்கம் அப்படியே இங்கிலீஷ் சட்டை போட்டு வந்திருக்கிறது. ஆனால் எது ஆவன? அதைச் சொல்லும் வேலையைப் பேராசிரியர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். பெரியவரிடம் “நான் என்ன கேட்கிறேன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்” என்று சொல்வது மரியாதையா?

“லாஸ்ட் ப்ரெத்.” தமிழில் “உயிர் உள்ளவரை மறவேன்” என்றால் அது நன்றியின் அளவைச் சொல்வது. யாரும் மரணத்தை நினைக்க மாட்டார்கள். இங்கிலீஷில் அதே வரி படிப்பவர் கண்ணுக்கு ஒரு மரணப் படுக்கையைக் காட்டும். ஒரு பரிந்துரைக் கடிதத்துக்கு இவ்வளவா என்று அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

“தேங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்” என்றால், நீங்கள் செய்துவிடுவீர்கள் என்று எடுத்துக்கொண்டு இப்போதே நன்றி. அவர் இன்னும் சம்மதிக்கவே இல்லை. பணிவாகத் தெரிகிற இந்த வரி உண்மையில் கையைப் பிடித்து இழுக்கும் வரி. “ஃபேவரபிள் ரிப்ளை”யும் அப்படித்தான். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியே விடவில்லை.

கடைசியாக “லவ்விங் ஸ்டூடன்ட்.” தமிழில் “தங்கள் அன்புள்ள மாணவி” என்பதில் ஒரு தவறும் கிடையாது. நம் அன்பு அகலமான சொல். அம்மாவுக்கும் அன்புள்ள, ஆசிரியருக்கும் அன்புள்ள, ஆட்சியருக்குக்கூட அன்புடையீர். இங்கிலீஷ் “லவ்விங்” அப்படி இல்லை. அது வீட்டுக்குள் புழங்கும் சொல். அலுவல் மெயிலின் அடியில் அதைப் பார்த்தால் படிப்பவர் நெளிவார்.

ஏன் இப்படி எழுதுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. வா, வாருங்கள். நீ, நீங்கள், தாங்கள். பெயருக்குப் பின்னால் “அவர்கள்” போட்டால் போதும், தலை வணங்கியாயிற்று. இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே “யூ”தான். நமக்குக் கை நடுங்குகிறது. ஐயோ, பெரியவரை ஒருமையில் கூப்பிட்ட மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பள்ளத்தை நிரப்ப ஹம்ப்ளி, கைண்ட்லி, மோஸ்ட், எவர் என்று மண்ணை அள்ளிக் கொட்டுகிறோம். பள்ளமே இல்லை என்பதுதான் விஷயம். அந்த மொழியில் மரியாதை வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெயரையும் பட்டத்தையும் சரியாக எழுதுவது, கேட்பதைத் தெளிவாகக் கேட்பது, அவர் நேரத்தை மிச்சப்படுத்துவது, மறுக்க இடம் விடுவது. அவ்வளவுதான்.

“பணிவு நம் பண்பாடு, அதை விடச் சொல்கிறீர்களா?” என்று என் மைத்துனர் சண்டைக்கு வந்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். “யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்” நம் பண்பாடே இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களின் அடியில் போட்ட சம்பிரதாய வரி அது. அவர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள், நாம் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறோம். “தேங்கிங் யூ” என்று பாதியில் நிற்கிறதே, அதுவும் அந்தக் காலத்து மிச்சம்தான். “தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி” என்று ஒரே வாக்கியமாக ஓடியது. நடு உடம்பு போய்விட்டது, தலை மட்டும் தொங்குகிறது. “தேங்க் யூ” என்று முழுதாக எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள்.

“அதிகாரிகளுக்கு அப்படி எழுதினால்தான் பிடிக்கும்” என்பார்கள். மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு என்ன சொல்கிறது? அலுவல் கடிதம் “சார்” அல்லது “மேடம்” என்று தொடங்கினால் “யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி” என்று முடியும். அதிகாரிக்கு அதிகாரி பெயர் சொல்லி எழுதும் டி.ஓ. லெட்டர் “யுவர்ஸ் சின்சியர்லி” என்று முடியும். அவ்வளவே. அரசாங்கமே அரசாங்கத்துக்கு இரண்டு சொல்லில் முடிக்கும்போது உங்களுக்கு எதற்கு ஐந்து வரி? உங்களுக்கும் அதே விதிதான். பெயர் தெரியாமல் “டியர் சார்” என்று தொடங்கினால் ஃபெயித்ஃபுல்லி. “டியர் ப்ரொஃபசர்” என்று போட்டு அவர் பெயரையும் எழுதினால் சின்சியர்லி. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு “கைண்ட் ரிகார்ட்ஸ்”, “பெஸ்ட் ரிகார்ட்ஸ்” இரண்டுமே நல்லவை. ஒன்று போதும், மூன்றையும் அடுக்காதீர்கள்.

எழுத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி போகாது. “யுவர்ஸ்” என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி கிடையவே கிடையாது. முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, இரண்டாம் சொல் சின்ன எழுத்தில் தொடங்கும். பிறகு ஒரு கமா.

சரி, பேத்தியின் மெயிலுக்கு வருவோம். மன்னிப்பு வரி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி, கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் எழுத வைத்தேன். மேலே எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று ஒரு வரி. பிறகு முடிப்பு இப்படி:

“தி லாஸ்ட் டேட் ஃபார் தி லெட்டர் இஸ் டிசம்பர் 15. ஐ ஹேவ் அட்டாச்ட் மை மார்க் ஷீட்ஸ் அண்ட் ப்ராஜெக்ட் ரிப்போர்ட். இஃப் யூ ஆர் நாட் ஏபிள் டு ரைட், ஐ வில் அண்டர்ஸ்டாண்ட். தேங்க் யூ ஃபார் கன்சிடரிங் இட். யுவர்ஸ் சின்சியர்லி,”

அதன் கீழே முழுப் பெயர், இப்போது படிக்கும் வகுப்பு, அவரிடம் படித்த ஆண்டுகள், போன் நம்பர். எத்தனையோ மாணவர்களைப் பார்த்த பேராசிரியருக்கு “லவ்விங் ஸ்டூடன்ட்” யாரென்று ஞாபகம் வராது. படித்த ஆண்டைச் சொன்னால் வரும்.

முதலில் அவளுக்கு மனசே வரவில்லை. “மொட்டையா இருக்கு தாத்தா” என்றாள். மறுக்க இடம் விட்ட அந்த வரியைப் பார்த்து, “நிஜமாவே மாட்டேன்னுட்டா?” என்றாள். அரை மனதோடு எழுதிக்கொடுக்கும் பரிந்துரை உனக்கு உதவாது கண்ணு, மாட்டேன் என்பவர் இப்போதே சொல்லிவிட்டால் வேறொருவரைக் கேட்க நேரம் இருக்கும் என்றேன். அனுப்பினாள். மறுநாளே “எழுதித் தருகிறேன்” என்று பதில் வந்தது. முதல் மெயிலில் தொலைந்த ஐந்து நாள் தொலைந்ததுதான்.

பெயர் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் இனிஷியல் வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியாது. இனிஷியலை விரித்து முன்னால் எழுதினால் உங்கள் அப்பா பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் பெயரை முதலில் எழுதி, அப்பா பெயரையோ இனிஷியலையோ பின்னால் போடுங்கள். தன் பெயருக்கு முன்னால் தானே மிஸ்டர், இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் வேண்டாம். எழுத்தை விழுங்கிய “தேங்க்ஸ்”, கும்பிடும் கை பொம்மை, பெயரே போடாமல் அனுப்புவது, இவை சுருக்கம் இல்லை, அலட்சியம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மேலே “ரெஸ்பெக்டட் சார்” என்று தொடங்குவதிலும் எனக்கு மறுப்பில்லை. இங்கே அது பழகிய விளி. அந்த ஒரு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்தான் ஆட்சிமொழி. தாசில்தாருக்கும் ஆட்சியருக்கும் எதற்கு உடைந்த இங்கிலீஷ்? நல்ல தமிழில் எழுதி, “நன்றி. இப்படிக்கு” என்று போட்டுக் கையெழுத்திடுங்கள். “இப்படிக்கு” என்பதைக் கவனித்தீர்களா? ஒரே சொல். நம் தமிழே அவ்வளவு சிக்கனமாகத்தான் முடிகிறது.

ஆறாம் வகுப்பில் நான் எழுதிப் போட்டதை இந்தப் பதிவின் மூலம் அழித்துவிடுகிறேன். பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் நீங்களும் அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள பழைய வாத்தியார்.
(தமிழில் எழுதுவதால் “அன்புள்ள” போடலாம்!)