‘நல்ல கண்டிஷன்’ என்பது ஒரு விவரமே இல்லை

ஃபைனல் இயர் வந்துட்டா நம்ம மெஸ் நோட்டீஸ் போர்டு ஒரு பழைய புத்தகக் கடையா மாறிடும். போன மாசம் நானும் அதுல ஒரு பேப்பர் ஒட்டினேன். ‘பொன்னியின் செல்வன், 5 பாகம், தமிழ், ஹார்ட் பவுண்ட், நல்ல கண்டிஷன், 600 ரூபாய்.’ தாத்தா வாங்கி வெச்ச செட். ஊர்ல பரண்ல கிடந்ததை அம்மாதான் “நீயாவது படி”ன்னு கொடுத்து அனுப்பினாங்க. நாலு வருஷத்துல நான் முதல் பாகத்தில் பாதியைத் தாண்டல. யாராவது படிக்கட்டுமேன்னு விக்க முடிவு பண்ணினேன்.

செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் அன்னிக்கே வாங்கிட்டான். மூணு வாரம் கழிச்சு மூன்றாம் பாகத்தைத் தூக்கிட்டு ரூம் வாசல்ல வந்து நின்னான். “அண்ணா, தப்பா நினைக்காதீங்க. 192க்கு அப்புறம் நேரா 209 வருது.”

அவன் சொன்னது சரிதான். இத்தனைக்கும் விக்கறதுக்கு முன்னாடி நான் ‘செக்’ பண்ணியிருந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி 352ன்னு பார்த்தேன், கிழியலைன்னு பார்த்தேன், முடிஞ்சது. பழைய புத்தகம் விக்கற நம்மில் முக்கால்வாசி பேர் இதைத்தான் செய்கிறோம். இது போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் வாதம். புத்தகத்தை வர்ணிப்பது என்றால் பாராட்டுவது இல்லை, எண்ணிச் சொல்வது.

முதலில் பக்கம். கடைசிப் பக்கத்தில் அச்சான எண், புத்தகத்தில் இருக்கிற பக்கங்களின் எண்ணிக்கை கிடையாது. அச்சகத்தில் பக்கங்களை ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் பல பக்கங்களை அடித்து, மடித்து, ஒரு கட்டாக்குவார்கள். அதுதான் ஃபார்மா. தாத்தா செட்டில் ஒரு ஃபார்மாவுக்கு 16 பக்கம். பல பழைய புத்தகங்களில் ஒவ்வொரு ஃபார்மாவின் முதல் பக்கத்திலும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பைண்டர் வரிசை மாறாமல் அடுக்குவதற்காகப் போட்டது. 1ஆம் பக்கத்தில் 1, 17இல் 2, 33இல் 3 என்று போகும். எங்கள் மூன்றாம் பாகத்தில் 177ஆம் பக்கத்தில் 12 இருந்தது. அடுத்து 209இல் 14 இருந்தது. அதாவது 13ஆம் ஃபார்மா இல்லவே இல்லை. இந்த அடி எண்களை மட்டும் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். இருந்தும் நான் பார்க்கல.

சில புத்தகங்களில் ஒரே ஃபார்மா இரண்டு தடவை வந்திருக்கும், சிலதில் இடம் மாறியோ தலைகீழாகவோ தைத்திருப்பார்கள். கடைசி எண்ணைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. முன்னுரை, பொருளடக்கத்துக்குத் தனி எண் கொடுத்திருந்தால் அதையும் தனியாகத்தான் சொல்லணும். எங்கள் பிரதிக்குச் சரியான விவரம் ‘8 + 352, அதில் 193 முதல் 208 வரை இல்லை’ என்பதே.

இன்னொரு வழி அத்தியாயக் கணக்கு. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பல பதிப்பகங்கள் இதைப் போட்டிருக்கின்றன. பக்க எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆனால் முழுப் பதிப்பில் அத்தியாய எண்ணிக்கை மாறாது. சுருக்கப் பதிப்பை முழு நாவல் என்று நினைத்து வாங்கிவிடாமல் இருக்கவும் இந்தக் கணக்கு உதவும்.

அடுத்தது பைண்டிங். ‘ஹார்ட் பவுண்ட்’ என்று நான் எழுதினது அட்டையைப் பற்றி மட்டும்தான். உள்ளே தாள்களை எது பிடித்திருக்கிறது என்பதுதான் முக்கியம். புத்தகத்தை மூடி, முதுகை மேலே இருந்து பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஃபார்மா ஃபார்மாவாகத் தைத்தது. ஒவ்வொரு கட்டின் நடுப்பக்கத்திலும் நூல் தெரியும். மடிப்பே இல்லாமல் தனித்தனித் தாள்கள் சமமாக வெட்டப்பட்டு பசையில் நின்றால் அது ஒட்டினது. ஒட்டின புத்தகத்தில் பசை காய்ந்ததும் முதுகு வெடித்து, தாள்கள் ஒன்றிரண்டாகக் கையோடு வரும். கெட்டி அட்டைக்குள்ளேயும் ஒட்டின புத்தகம் இருக்கலாம், அதனால் அட்டையை வைத்து முடிவு பண்ணக் கூடாது.

இது தெரிந்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் செட் தைத்தது. தைத்த புத்தகத்திலிருந்து முழுசாக ஒரு ஃபார்மா மட்டும் சத்தமில்லாமல் உதிர்ந்து போகாது. அறுந்த நூல் இருக்கும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு இடைவெளி விழுந்திருக்கும். இரண்டுமே இல்லை. அப்படியானால் பைண்டர் அடுக்கும்போதே 13ஐ விட்டிருக்கிறார். தாத்தா வாங்கின நாளிலிருந்தே அந்தப் பக்கங்கள் இல்லை.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். “அதுவா? அது அப்பாவுக்குத் தெரியுமே. அந்த இடம் வந்தா புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு வாயாலயே கதை சொல்லுவாரு. அங்க பென்சில்ல எழுதிக்கூட வெச்சிருந்தாரேடா, பாக்கலியா?”

எங்கே பார்த்தேன்? ஓரங்களில் பென்சில் கிறுக்கல் இருந்தால் விலை குறையும் என்று, விக்கறதுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் ரப்பர் வைத்து அழித்தேன். ஒன்றைக்கூடப் படிக்கல. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். அச்சுத் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், தாத்தாவின் கையெழுத்துக்குப் பொறுமை எங்கே? 192ஆம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் இன்னும் தெரிகிறது. ‘இதன் பின் 16 பக்கம் இல்லை.’ அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரே நேர்மையான விவரத்தை அழித்துவிட்டுத்தான் ‘நல்ல கண்டிஷன்’ என்று ஒட்டியிருக்கிறேன்.

அந்த வார்த்தையையும் கொஞ்சம் பார்ப்போம். பழைய புத்தக வியாபாரத்தில் இங்கிலீஷில் ‘குட்’ என்று போட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ‘ஃபைன்’, ‘வெரி குட்’ இரண்டுக்கும் கீழே, புழங்கித் தேய்ந்த சாதாரணப் பிரதி என்றுதான் அர்த்தம். ஆனால் அதற்கும்கூட எல்லாப் பக்கமும் இருக்கணும் என்பது நிபந்தனை. நாம் ‘நல்ல’ என்று எழுதும்போது சொல்கிறவன் ஒன்று நினைக்கிறான், கேட்கிறவன் வேறொன்று நினைக்கிறான். அதனால் பெயரடையை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதை எழுதுவதே மேல். தாள் பழுப்பா? ஓரத்தை லேசாக வளைத்தால் மடிகிறதா, நொறுங்குகிறதா? ஈரம் பட்ட அலையும் கறைக்கோடும் இருக்கிறதா? பல பக்கங்களைத் துளைத்துப் போகும் வட்ட ஓட்டை இருந்தால் ராமபாணப் பூச்சியின் வேலை. ஓட்டை பழசு என்றால் பெரிய பிரச்சினை இல்லை. தட்டினால் புதுசாகப் பொடி கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம், வாங்குகிறவரின் மற்ற புத்தகங்களுக்கும் போகும். அதைச் சொல்லாமல் விற்பது தப்பு.

மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று ஒரு வார்த்தை போதும் என்றுதான் நானும் நினைத்தேன். தம்பி வேறொன்றும் சொன்னான். “முதல் பத்து பக்கம் எழுத்தே புரியலண்ணா.” 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்போடு இருக்கும், ‘னா’, ‘றா’வும் வேறு வடிவம். எங்கள் செட்டில் முதல் நாலு பாகம் பழைய எழுத்து. ஐந்தாம் பாகம் மட்டும் பின்னாளில் வாங்கியது, வேறு பதிப்பு, புது எழுத்து, ஒட்டின பைண்டிங். ஆக அது ஒரே செட்டே இல்லை, கலப்பு செட். மொழியும் அட்டையும் பார்த்து ஒரே வரியில் எழுதினதால் இதுவும் மறைந்துபோனது.

ரூம்மேட் சிரித்தான். “டேய், 600 ரூபாய்க்கு இவ்ளோ ஆராய்ச்சியா? குறையை எல்லாம் எழுதினா எவன் வாங்குவான்?” நியாயமான கேள்விதான். புது வெர்ஷனை எழுதி, 300 ரூபாயைத் திருப்பிக் கையில் வைத்துக்கொண்டு, தம்பியிடமே முதலில் காட்டினேன்:

‘பொன்னியின் செல்வன், கலப்பு செட். தமிழ், முழு நாவல். 1 முதல் 4 பாகம்: பழைய எழுத்து, தையல், கெட்டி அட்டை, தாள் பழுப்பு ஆனால் மடிகிறது. மூன்றாம் பாகம் 8 + 352, 193–208 பைண்டிங்கிலேயே இல்லை. ஐந்தாம் பாகம்: வேறு பதிப்பு, புது எழுத்து, ஒட்டினது, முதுகு வெடித்து ஆறு தாள் தளர்ந்திருக்கு, எல்லாம் இருக்கு. இரண்டாம் பாகத்தில் பழைய பூச்சி ஓட்டை, எழுத்து போகலை. ஓரங்களில் பென்சில் அழித்த தடம். 300 ரூபாய்.’

படித்துவிட்டு “இந்த விலைக்கு நானே வெச்சுக்கறேன்”னான். விலை பாதியானது உண்மைதான். ஆனால் இனி அவன் என் கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை.

காணாமல் போன 16 பக்கத்தை லைப்ரரி பிரதியில் தேடினோம். அது வேறு பதிப்பு, அங்கே 193ஆம் பக்கத்தில் கதை வேறெங்கோ நின்றது. அத்தியாயத் தலைப்பைப் பிடித்து, எங்கள் 192இன் கடைசி வரியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 209இன் முதல் வரி வரைக்கும் ஜெராக்ஸ் எடுத்தோம். அதில் 18 பக்கம் வந்தது.

இந்த மாசம் போர்டில் இன்னும் பல பேப்பர் தொங்கும். உங்கள் மேத்ஸ் புத்தகமும் அதில் இருக்கும். ஒட்டுவதற்கு முன் எந்தப் பதிப்பு, எந்த ரெகுலேஷன், தைத்ததா ஒட்டினதா, எந்தப் பக்கம் இல்லை, எங்கே பேனாக் கோடு என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். 

ஜெராக்ஸை உள்ளே வைக்கும் முன், தம்பியிடம் பென்சில் கேட்டேன். 192ஆம் பக்கத்தின் அடியில், அந்தத் தடத்தின் மேலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப எழுதினேன்: ‘இதன் பின் 16 பக்கம் இல்லை.’