பில் தேதியை வைத்து அழிக்காதீர்கள்

"ஆறு வருடம் தாண்டிய பில்களை அழித்துவிடலாம், ஜிஎஸ்டி சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது" என்கிறார் நண்பர். சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார். 36ஆம் பிரிவு சொல்லும் 72 மாதங்கள் பில் தேதியிலிருந்து ஓடுவதில்லை. அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து ஓடுகின்றன. 2021 ஏப்ரலில் போட்ட பில்லுக்கு அந்த நாள் 2022 டிசம்பர் 31. ஆக, 2028 டிசம்பர் முடியும்வரை பில் இருந்தாக வேண்டும். நண்பர் கணக்கில் அது 2027 ஏப்ரலிலேயே போய்விடும்! மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் கெடு இன்னும் நீளலாம். கம்பெனிச் சட்டமோ எட்டு நிதியாண்டு கேட்கிறது.

இத்தனை வருட பில்களால் சர்வர் திணறினால், அழிக்காமல் பழையவற்றை வேறு டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள். பில்லோடு அதன் ரசீதும் கிரெடிட் நோட்டும் சேர்ந்தே போகட்டும். இரு பக்கத்திலும் பில் எண்ணிக்கையும் வரித்தொகையும் ஒத்துப்போன பிறகே மூலத்தில் கை வையுங்கள்.