‘இ.பி. தனி’ என்றால் என்ன? கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க!

சென்னையில் வாடகை விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொல் ‘இ.பி. தனி’. தனி மீட்டர் இருக்கிறது என்றும் புரிந்துகொள்ளலாம், கரன்ட் பில் வாடகையில் சேராது என்றும் புரிந்துகொள்ளலாம். செலவு ஒளிந்திருப்பது இந்த இடைவெளியில்தான்.

தமிழகத்தில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்கு மின்வாரிய இணைப்பே இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்குக் கிடைக்கும். ஓனர் மாட்டிய சப்-மீட்டர் என்றால், அவர் சொல்வதுதான் ரேட்.

இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சப்-மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் 1,800 ரூபாய். சொந்த இணைப்பில் 100 யூனிட் போக, மீதி 100-க்கு யூனிட் 5 ரூபாய் என்று போட்டாலும் 500-ஐத் தாண்டாது. வருஷத்துக்கு 7,800 ரூபாய் வித்தியாசம்!

அதனால் மூன்று கேள்விகள்: மீட்டர் மின்வாரியத்தோடதா, சப்-மீட்டரா? யூனிட் என்ன ரேட்? மோட்டார், லிஃப்ட், மாடிப்படி லைட்டுக்கான பொது பில்லை யார், எப்படிப் பங்கு போடுறாங்க?

‘எல்லாரும் கொடுக்குறதுதான்’ என்று பதில் வந்தால், கடைசி பில்லைக் காட்டச் சொல்லுங்க. சப்-மீட்டர் வைப்பதே தப்பில்லை. ரேட்டைச் சொல்லாமல் வைப்பதுதான் தப்பு. சொன்ன ரேட்டை வாடகை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே அட்வான்ஸ்.