விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்ல என்ன வெட்கம்?

போன பௌர்ணமிக்குச் சென்னையிலிருந்து என் மைத்துனர் கிரிவலம் வந்தார். கீழ்பென்னாத்தூரில் நம் வீட்டிலேயே தங்குங்கள் என்றேன். கேட்கவில்லை. கூகுளில் "திருவண்ணாமலை கிரிவலம் தங்கும் விடுதி" என்று தேடி, "எங்கள் குடும்பத்தின் மறக்க முடியாத அனுபவம்" என்ற பதிவைப் படித்து அறை எடுத்துவிட்டார். கோயிலுக்கு ஐந்து நிமிட நடை என்று எழுதியிருந்தது. ஆட்டோவுக்கே அதைவிட அதிக நேரம் ஆனது. பதினான்கு கிலோமீட்டர் நடக்க வந்தவருக்குக் கோயிலுக்குப் போவதற்குள்ளேயே அலுப்பு.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் படத்துக்கும் கீழே, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் "sponsored" என்று ஒரு சொல். தமிழில் எழுதிவிட்டு உண்மையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வானேன்?

இது வெறும் நாகரிகக் குறைவு அல்ல. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, பணம் மட்டுமல்ல, இலவசமாகத் தங்கவைத்தாலும் அதைச் சொல்ல வேண்டும் என்கிறது. கண்ணில் படும்படி, பதிவின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்கிறது.

"தலைப்பில் விளம்பரம் என்று போட்டால் தேடலில் வராதே" என்பார்கள். தேடுகிறவர் தட்டுவது ஊர்ப் பெயர், கிரிவலம், விடுதி, வாடகை ஆகிய சொற்களைத்தான். அவை தலைப்பில் இருந்தால் போதும். கூட ஒரு சொல் இருப்பதால் அவை அழிந்துவிடாது. இப்படி எழுதலாம்:

```html
<title>விளம்பரம்: திருவண்ணாமலை கிரிவலம் தங்கும் விடுதி, வாடகை</title>
<meta name="description" content="விடுதியார் பணம் தந்து எழுதியது. அறை வாடகை, கோயிலிலிருந்து தூரம், பௌர்ணமி முன்பதிவு.">
```

"விளம்பரம்" முதலில் வர வேண்டும். கைபேசியில் நீண்ட தலைப்பின் வால் வெட்டுப்படும். கடைசியில் வைத்தால் அதுதான் முதலில் காணாமல் போகும். விவரக்குறிப்பில் மட்டும் சொன்னாலும் போதாது. கூகுள் அதை விட்டுவிட்டுப் பதிவின் வேறு வரிகளை எடுத்துக் காட்டுவதுண்டு.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விடுதிக்குப் போகும் இணைப்பில் `rel="sponsored"` என்று குறிக்கச் சொல்லி 2019 முதல் கூகுள் கேட்கிறது. அப்படிக் குறித்தாலும் உங்கள் பதிவு தேடலில் இருந்து மறையாது. அந்த இணைப்பால் விடுதியின் தளத்துக்குக் கிடைக்கும் சிபாரிசு மட்டும் பொதுவாகக் கணக்கில் வராது. காசு கொடுப்பவர்களில் பலர் வாங்க வருவதே அந்தச் சிபாரிசைத்தான். ஆகவே "தேடலில் வராது" என்ற அழுகை வாசகருக்காக அல்ல, வியாபாரத்துக்காக. அந்தக் குறியும் கூகுளுக்குத்தான் தெரியும், வாசகர் கண்ணுக்குத் தெரியாது. தலைப்பில் சொல்வதற்கு அது ஈடாகாது.

விளம்பரம் என்று தெரிந்தால் சிலர் திறக்காமல் போவார்கள், ஒப்புக்கொள்கிறேன். அது அவர்கள் உரிமை. தெரிந்தே திறப்பவர் அறை தேடுகிறவர். விடுதிக்கும் அவர்தானே வேண்டும்?

அடுத்த பௌர்ணமிக்கு மைத்துனர் நம் வீட்டில்தான் தங்குகிறார். இது விளம்பரம் அல்ல.